கிணற்று நீரும் சலவை இயந்திரமும்

சலவை இயந்திரம் வாங்கப் புறப்படும் குடும்பத்தினர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஆலோசனை கேட்கின்றனர். ஒன்று கொழும்பிலுள்ள உறவினர் வீடு, மற்றது கடை. உறவினர் தம் வீட்டில் நன்றாக ஓடும் இயந்திரத்தையே சிபார்சு செய்வர். கடைக்காரரோ கடையில் இருப்பதைப் புகழ்வார். இவ்விருவரும் அறியாத ஒன்று உண்டு. அது, வாங்குபவரின் வீட்டுக் கிணற்று நீர் எத்தகையது என்பதாகும்.

களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து, குழாய்வழி கொழும்புக்கு வரும் நீர் மென்னீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரோ சுண்ணக்கற் பாறையினூடே ஊறி வந்த வன்னீர். கொழும்பில் ஐந்தாண்டுகள் குறையின்றி உழைத்த இயந்திரம், இங்கே இரண்டாம் ஆண்டிலேயே வெள்ளைச் சீருடையைச் சாம்பல் நிறமாக்கித் தருமாயின், குற்றம் இயந்திரத்தின்மீது மட்டும் இருப்பதன்று. ஆகவே மேலே மூடி திறக்கும் இயந்திரமா, முன்னே கதவு திறக்கும் இயந்திரமா என்று நேயர்கள் பலர் கேட்டு வரும் வினாவுக்கு இவ்வாரம் விடைகூற முற்படும் நாம், கடையிலிருந்து தொடங்காது கிணற்றடியிலிருந்து தொடங்குகின்றோம். கடைக்காரர் 'ரொப் லோட்' என்பதை மேல்வாய் இயந்திரம் என்றும், 'ஃப்ரண்ட் லோட்' என்பதை முன்வாய் இயந்திரம் என்றும் இங்கு வழங்குவோம்.

வன்னீர் என்பது யாது?

மழைநீர் நிலத்தினுள் இறங்கும்போது மண்ணிலுள்ள கரியமிலவாயுவைத் தன்னுட் கரைத்துக்கொண்டு சிறிது அமிலத்தன்மை அடைகின்றது. குடாநாட்டின் அடியில் மயோசீன் காலச் சுண்ணக்கல் பரந்து கிடக்கின்றது. அமிலத்தன்மையுற்ற நீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, கல்சியத்தையும் ஓரளவு மகனீசியத்தையும் தன்னுடன் எடுத்துக்கொள்கின்றது. நாம் துலாவாலோ மின்பம்பியாலோ மேலே கொணர்வது, கண்ணுக்குத் தெரியாது கரைந்திருக்கும் கல்லோடு கூடிய நீரையே.

ஒரு லீற்றர் நீரில் இவ்வாறு கரைந்துள்ள பொருளைக் கல்சியம் காபனேற்றாகக் கணித்து மில்லிகிராமிற் கூறுவது வழக்கம். அறுபதுக்கு உட்பட்டது மென்னீர்; 180ஐத் தாண்டியது மிக வன்மையான நீர். குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியவையே. எனினும் ஒரே குறிச்சியிற் கூட இரு கிணறுகளின் நீர் வேறுபடலாம். ஆதலால் ஒவ்வொருவரும் தத்தம் நீரைச் சோதித்தறிதலே முறை.

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் போத்தல்களை எடுத்து, ஒன்றில் மழைநீரையும் மற்றதிற் கிணற்று நீரையும் பாதியளவு நிரப்புக. ஒவ்வொன்றிலும் சவர்க்காரக் கட்டியிலிருந்து சீவியெடுத்த ஒரு சிட்டிகையை இட்டு நன்றாகக் குலுக்குக. மழைநீரில் நுரை எழுந்து நிற்கும். வன்னீரில் நுரை எழாது. நீர் பால்போல் வெளிறி, மேலே பிசுபிசுத்த திரை படியும். இதற்குச் சலவைத்தூளைப் பயன்படுத்தலாகாது. அது வன்னீரிலும் நுரை காட்டி நம்மை மயக்கும். எண் தெரிய வேண்டுவோர் ஒரு போத்தல் நீரைப் பரிசோதனைக் கூடமொன்றிற் கொடுத்து வன்மையின் அளவைப் பெறலாம்.

வன்மை வேறு, உவர் வேறு என்பதையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கடலோரங்களிலும் தீவுப்பகுதியிலும் கிணற்று நீர் வாயில் உப்புக் கரிக்கின்றது. சுண்ணாம்பு இயந்திரத்தினுள் படிகின்றது, படிந்ததை அகற்றலாம். உப்போ உலோகத்தை அரிக்கின்றது. அரித்ததை மீட்க இயலாது. முன்வாய் இயந்திரத்தின் உருளையைப் பின்புறத்தில் தாங்கி நிற்கும் மூன்று கைகளையுடைய அலுமினியத் தாங்கி உவர்நீரால் அரிக்கப்பட்டு முறியக்கூடியது. உவர்நீர்க் கிணறுடையோர்க்கு வேறு வழி உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

எந்த இயந்திரம் எவ்வளவு நீர் எடுக்கும்?

மேல்வாய் இயந்திரத்தில் தொட்டி நிமிர்ந்து நிற்கின்றது. துணிகள் நீரில் மூழ்கி மிதந்து சுழலவேண்டும். ஆகவே சலவைக்கு மட்டுமே ஏறத்தாழ 50 லீற்றர் நீர் தேவைப்படுகின்றது. அலசுதலும் சேர்ந்தால் ஒரு முறைக்கு 100 முதல் 150 லீற்றர் வரை செல்லும். முன்வாய் இயந்திரத்தில் உருளை படுத்திருக்கின்றது. துணிகளை மேலே தூக்கிக் கீழே விழச் செய்து, கல்லில் அடித்துத் தோய்ப்பது போன்று அது தோய்க்கின்றது. துணி நனைந்து உருளையின் அடியிற் சிறிது நீர் நின்றால் அதற்குப் போதும். சலவைக்கு ஏறத்தாழ 15 லீற்றரும், அலசுதல் உட்பட 50 முதல் 70 லீற்றர் வரையும் செல்லும். அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுமாயினும் இவ்விகிதம் பெரிதும் மாறுவதில்லை.

இதனை நீர்ச்சிக்கனம் என்ற அளவில் மட்டுமே பலர் நோக்குகின்றனர். வன்னீர் உள்ள வீட்டில் அதனினும் பெரிய பொருள் இதற்குண்டு. இயந்திரத்துட் புகும் ஒவ்வொரு லீற்றரும் தன் பங்குச் சுண்ணாம்பையும் கொண்டே புகுகின்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கிணற்று நீரின் வன்மை லீற்றருக்கு 350 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மேல்வாய் இயந்திரத்தின் 50 லீற்றரில் பதினேழரைக் கிராம் வன்மை உண்டு. முன்வாய் இயந்திரத்தின் 15 லீற்றரில் ஐந்தேகால் கிராமே உண்டு. ஒரு கிராம் வன்மை ஏறத்தாழ ஆறு கிராம் சவர்க்காரத்தைப் பயனற்ற கசடாக மாற்றிவிடும். எனவே சவர்க்காரத்தையே கரைத்து இட்டால், முதல் இயந்திரத்தில் 100 கிராமுக்கு மேலும், இரண்டாவதில் 30 கிராமுக்குச் சிறிது மேலும், துணியின் அழுக்கைத் தொடுவதற்கு முன்னரே அழிந்துபோகும். அழிந்தது அப்பாற் போய்விடுவதுமில்லை. அந்தக் கசடு துணியின் இழைகளிற் படிகின்றது. பாடசாலைச் சீருடை சாம்பல் நிறம் அடைவதும், துவாய் காய்ந்ததும் மட்டைபோல் விறைப்பதும் இதனாலேயே.

இந்நாளிற் பயன்படும் சலவைத்தூள் சவர்க்காரத்தைப் போன்று கசடாவதில்லை. எனினும் வன்மையை அடக்குவதற்கென அதிற் சேர்க்கப்பட்டுள்ள பொருள்கள் நீரிலுள்ள வன்மையின் அளவுக்கேற்பச் செலவாகின்றன. நீர் மும்மடங்காயின், வன்மையை அடக்குவதற்கான செலவும் மும்மடங்காகும். ஆகவே வன்னீரில் குறைந்த தூளைக்கொண்டு வெண்மையைக் காப்பதில் முன்வாய் இயந்திரமே முந்தி நிற்கின்றது.

சூடாக்கியைப் பற்றிய அச்சம்

"முன்வாய் இயந்திரத்தில் நீரைச் சூடாக்கும் கம்பி உண்டு, நம் ஊர் நீரில் அதிற் சுண்ணாம்பு படிந்து இயந்திரம் பழுதாகிவிடும், ஆகவே மேல்வாயே நல்லது" என்ற பேச்சுப் பரவலாக உண்டு. இதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு.

உண்மை யாதெனில், நீரிற் கரைந்துள்ள சுண்ணாம்பின் பெரும்பகுதி சூட்டினால் மீண்டும் திண்மமாகிப் படியும் இயல்புடையது. தேநீர்க் கேத்தலின் அடியில் வெண்படை கட்டுவதை அறியாத யாழ்ப்பாணத்து இல்லத்தரசி இல்லை. அதே படை இயந்திரத்தின் சூடாக்கும் கம்பியிலும் கட்டும். படை தடித்தால் சூடு நீரிற் செல்லாது கம்பியிலேயே தங்கி, ஈற்றிற் கம்பி எரிந்துபோகும்.

மிகை யாதெனில், கேத்தல் நீரைக் கொதிக்க வைக்கின்றது. சலவை இயந்திரம் அவ்வாறு செய்யவேண்டியதில்லை. படிவு விரைவடைவது 60 பாகைக்கு அண்மையிலும் அதற்கு மேலுமே. நம் கிணற்று நீரோ இயல்பாகவே ஏறத்தாழ 28 பாகை வெப்பத்துடன் வருகின்றது. இயந்திரத்தை 30 பாகையில் வைத்தால் சூடாக்கி சில நிமிடங்களே வேலைசெய்யும். குளிர்நீர் என்ற நிலையில் வைத்தால் வேலையே செய்யாது. குளிர்நாடுகளிற் குழாயில் 10 பாகையில் வரும் நீரை அதே 30 பாகைக்கு உயர்த்தச் சூடாக்கி நெடுநேரம் உழைக்கவேண்டும், இங்கு அவ்வாறில்லை. அன்றாடத் துணிகளை 30 பாகையிலும், படுக்கை விரிப்பு, துவாய், குழந்தைத் துணி ஆகியவற்றை மாதத்தில் ஓரிரு முறை மட்டும் 60 பாகையிலும் தோய்ப்போர்க்குச் சூடாக்கியைப் பற்றிய பேரச்சம் வேண்டுவதில்லை.

பெரும்பாலான மேல்வாய் இயந்திரங்களிற் சூடாக்கி இல்லை என்பது மெய்யே. ஆயினும் அவற்றிலும் சுண்ணாம்பு படிகின்றது. துணி சுழலும் உட்தொட்டியின் வெளிப்புறத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், சுண்ணாம்பும் தூளின் மீதியும் துணியின் நூலும் கலந்து படையாகின்றன. ஒருநாள் அது பெயர்ந்து, கறுத்த காற்சட்டையில் வெண்புள்ளிகளாக வந்து ஒட்டுகின்றது.

அப்புள்ளி எதனால் ஆனது என்று அறிவது எளிது. அதனைச் சிறிது நீரில் இட்டுத் தேய்த்துப் பார்க்க. கரைந்துபோனால் அது கரையாது எஞ்சிய சலவைத்தூள். கரையாது நின்று, ஒரு துளி தேசிக்காய்ச் சாறு பட்டவுடன் சிறு குமிழ்களாகப் பொங்கினால் அது சுண்ணாம்பு. முதலாவதற்குப் பரிகாரம் தூளை முன்னரே கரைத்து இடுதல் அல்லது துணியைக் குறைத்தல். இரண்டாவதற்குப் பரிகாரம் தொட்டியைக் கழுவுதல்.

இடம்: அளவுநாடாவுடன் ஒரு வீடு

இனி இடத்தைப் பற்றிக் கூறுவோம். கொக்குவிலிலிருந்து ஓர் அம்மையார் எமக்கு எழுதியுள்ள கடிதத்தில் தம் வீட்டின் அளவுகளைத் தெளிவாகக் குறித்துள்ளார். ஐவர் கொண்ட குடும்பம். பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருவர். பின் விறாந்தையில், சமையலறைச் சுவரோடு ஒரு மாடம் உண்டு. அதன் அகலம் 2 அடி 4 அங்குலம். ஆழம் 2 அடி. தரையிலிருந்து 3 அடி 9 அங்குல உயரத்தில் சீமெந்துத் தட்டு ஒன்று உண்டு; அதன்மீது பாத்திரங்கள். மாடத்தின் பின்சுவரிலிருந்து விறாந்தையின் எதிர்ச்சுவர் வரை 4 அடி 9 அங்குலம். கடைக்காரர், 3 அடி 2 அங்குல உயரமான மேல்வாய் இயந்திரம் தட்டின்கீழ் "அளவாக நிற்கும்" என்றாராம்.

நிற்கும் என்பது உண்மை; மூடி திறக்காது. கடையிற் கூறும் உயரம் மூடியை மூடிய நிலையில் அளந்தது. திறந்து நிறுத்தினால் அத்தகைய இயந்திரத்துக்கு ஏறத்தாழ நாலரை அடி தேவைப்படும். தட்டோ 3 அடி 9 அங்குலத்தில் இருக்கின்றது. முக்கால் அடி குறைகின்றது. மடிந்து திறக்கும் மூடியானாலும் குறை முற்றாகத் தீராது. தொட்டியின் அடியிற் கிடக்கும் ஈரத்துணியை எடுப்பதற்குத் தலையும் தோளும் மேலே குனிவதற்கு இடம் வேண்டும். தட்டை உடைத்தால் அன்றி, இம்மாடத்துக்கு மேல்வாய் இயந்திரம் பொருந்தாது.

முன்வாய் இயந்திரத்தை வைத்துப் பார்ப்போம். உயரம் 2 அடி 10 அங்குலம். தட்டின்கீழ் தாராளமாக நிற்கும். அகலம் ஏறத்தாழ 2 அடி; இருபுறமும் இவ்விரண்டு அங்குலம் எஞ்சும். அவ்விடைவெளி வேண்டற்பாலதே, சுழலும்போது இயந்திரம் சிறிது அசையும். இயந்திரத்தின் ஆழம் 22 அங்குலம். பின்னாலுள்ள குழாய்களுக்கு 3 அங்குலம் விட்டால் 25 அங்குலம். மாடத்தின் ஆழம் 24 அங்குலமாதலால் இயந்திரத்தின் முகம் ஓர் அங்குலம் வெளியே நீண்டு நிற்கும். இது குறையன்று, நன்மையே. முகம் உள்ளே பதிந்திருப்பின் கதவு மாடத்தின் பக்கச்சுவரில் இடித்து முழுமையாகத் திறக்காது.

எதிர்ச்சுவர் வரை எஞ்சுவது 32 அங்குலம். கதவு திறக்கும்போது அதில் 18 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். அச்சமயம் பக்கத்தில் ஒதுங்கி நிற்கவேண்டும். கதவு பக்கவாட்டிற் சென்றபின், ஒருவர் குந்தியிருந்து துணி எடுக்க 32 அங்குலம் போதுமானது. கதவின் கீல் எப்பக்கம் இருக்கின்றதென்பதையும் வாங்குமுன் பார்த்தல் வேண்டும். நடமாட்டமுள்ள பக்கத்துக்குக் கதவு திறந்து வழியை மறிக்குமாயின், அது நாள்தோறும் தொல்லை தரும்.

ஆகவே நீரின் வன்மையும் இடமும் இவ்வம்மையாரை முன்வாய் இயந்திரத்தின் பக்கமே செலுத்துகின்றன. ஆயினும் இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. அதனை ஆராயாது வாங்கியோர் பலர் புதிய இயந்திரத்தோடு திகைத்து நின்றதுண்டு.

தாங்கியின் உயரம்

சலவை இயந்திரத்தினுள் நீர் செல்லும் வாயிலில் மின்னால் இயங்கும் ஒரு தடுக்கிதழ் உண்டு. அதனுள் இருக்கும் மெல்லிய றப்பர்த் தகடு, நீரின் அழுத்தத்தைக்கொண்டே நன்றாகத் திறக்கின்றது. அழுத்தம் குறைந்தால் நீர் நூல்போல் வடியும். குறித்த நேரத்துள் நீர் நிரம்பாமையால் இயந்திரம் நீர் இல்லை எனக் குறிகாட்டி நின்றுவிடும்.

எவ்வளவு அழுத்தம் வேண்டுமென்பதை இயந்திரத்தின் கைந்நூல் கூறும். 0.5 பார் என்று கூறுவன பல, 0.3 பார் போதும் என்பனவும் உண்டு. மேல்நிலைத் தாங்கியுள்ள வீட்டில் இதனை உயரமாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு பார் என்பது ஏறத்தாழ 33 அடி உயரமான நீரின் அழுத்தம். ஆகவே 0.5 பாருக்குச் சுமார் 17 அடியும், 0.3 பாருக்கு 10 அடியும் வேண்டும். இவ்வுயரத்தை நிலத்திலிருந்து அளத்தல் தவறு. இயந்திரத்தின் நீர்வாயிலிலிருந்து தாங்கியின் அடிவரை அளத்தல் வேண்டும்.

கொக்குவில் வீட்டிற் தாங்கியின் அடி நிலத்திலிருந்து 12 அடியில் இருக்கின்றது. இயந்திரத்தின் நீர்வாயில் 3 அடியில் இருக்கும். எஞ்சும் 9 அடி, 0.3 பாருக்குங் கூடப் போதாது. அவர் அதே குழாயில் 10 லீற்றர் வாளியை நிரப்பிப் பார்த்தபோது இரண்டு நிமிடத்துக்கு மேல் சென்றதாம். நிமிடத்துக்கு 8 லீற்றர் வேண்டும் எனக் கைந்நூல் கூறுமாயின், அவ்வாளி ஒன்றேகால் நிமிடத்தில் நிரம்பவேண்டும்.

இங்கு முதலிற் பார்க்கவேண்டியது பழைய குழாய். நாகம் பூசிய இரும்புக் குழாய்களின் உட்புறத்தில் துருவும் சுண்ணாம்பும் படிந்து, அரை அங்குலத் துவாரம் பென்சில் அளவாய்ச் சுருங்கியிருத்தல் உண்டு. தாங்கியிலிருந்து மாடம் வரை முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் குழாய் இட்டால் நீரோட்டம் பெருகும். ஆயினும் ஒன்பதடி உயரம் பத்தடியாகிவிடாது. ஆதலால் இவ்வீட்டுக்கு, குழாயைத் திறந்ததும் தானே இயங்கி மூடியதும் தானே நிற்கும் சிறிய அழுத்தப் பம்பி ஒன்றும் வேண்டும். பம்பியின் விலையையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

தட்டை உடைத்து மேல்வாய் இயந்திரம் வாங்குவதா, பம்பி வைத்து முன்வாய் இயந்திரம் வாங்குவதா என்பதே இப்பொழுது அவர் முன்னுள்ள வினா. வாரத்துக்கு நான்கு முறை தோய்ப்பதாகவும், ஆவணி, புரட்டாதியிற் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கிவிடுவதாகவும் அவர் எழுதியுள்ளார். மேல்வாய் இயந்திரமாயின், முறைக்கு 120 லீற்றராக வாரத்துக்கு 480 லீற்றர் செல்லும். முன்வாய் இயந்திரமாயின், 60 லீற்றராக 240 லீற்றர். கோடையில் மிஞ்சும் 240 லீற்றரும், தூளிற் காணும் சிக்கனமும், உடையாது நிற்கும் தட்டும் சேர்ந்து பம்பியின் செலவுக்கு ஈடாகும் என்பது எமது கருத்து.

மேல்வாய் இயந்திரம் யாருக்கு?

இதனால் முன்வாய் இயந்திரமே எல்லோர்க்கும் ஏற்றதென்று யாரும் கொள்ளலாகாது. அதனை வாளியால் நிரப்புவது எளிதன்று. மேல்வாய் இயந்திரத்தில் மூடியைத் திறந்து நீரை ஊற்றிவிடலாம். இரட்டைத் தொட்டியுள்ள அரைத்தானியங்கி இயந்திரத்திலோ அது இயல்பான முறையே. ஆகவே மேல்நிலைத் தாங்கி இல்லாத வீட்டார்க்கும், வாடகை வீட்டிற் குழாயை மாற்ற உரிமையில்லாதோர்க்கும் மேல்வாய் இயந்திரமே தகும்.

முன்னர்க் குறித்த உவர்நீர்க் கிணறுடையோரும் இவ்வகையினரே. அவர்கள் கிணற்று நீரை எந்த இயந்திரத்திலும் விடாதிருத்தல் நலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஓட்டுக்கூரையிலிருந்து வழியும் மழைநீரைத் தாங்கியிற் சேமித்து, அதனை வாளியால் ஊற்றித் தோய்க்கலாம். மழைநீரில் வன்மையும் இல்லை, உப்பும் இல்லை. அரைத்தானியங்கி இயந்திரத்தில், முதலில் வெள்ளைத் துணிகளையும் பின்னர் அதே சலவை நீரில் நிறத்துணிகளையும் தோய்த்து, அரிய நீரை இருமுறை பயன்படுத்தவுங் கூடும்.

முழங்கால் நோயால் குந்த இயலாத முதியோர் தோய்க்கும் வீட்டிலும் மேல்வாய் இயந்திரம் வசதியானது. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இடத்திலும் அவ்வாறே. நீர் நிறைந்த நிலையில் முன்வாய் இயந்திரம் நின்றுவிட்டால் கதவு பூட்டியே இருக்கும். கீழேயுள்ள வடிகட்டி வழியே நீரை மெல்ல இறக்கிய பின்னரே திறக்க இயலும்.

வாங்கிய பின்

வன்னீரில் எவ்வியந்திரத்தையும் காப்பதற்கு இரண்டு வழக்கங்கள் போதும். முதலாவது, தூளைப் பற்றியது. வன்மையை அடக்கும் பொருள்கள் பொதுவாகச் சலவைத்தூளிலேயே மிகுதி, திரவத்திற் குறைவு. ஆதலால் இங்கே தூளே ஏற்றது. முன்வாய் இயந்திரத்துக்கு நுரை குறைந்த தூளே இடவேண்டும். கைச்சலவைத் தூளின் நுரை, விழும் துணிக்கு மெத்தைபோல் அமைந்து அடிபடாது செய்துவிடும். உறையில் வன்னீருக்கெனக் குறித்த அளவில் தொடங்குக. இறுதி அலசலிலும் நுரை நின்றால் தூள் மிகுதி. அடுத்த முறை குறைக்க. நுரை எழாமலே நீர் வெளிறித் துவாய் சாம்பல் நிறமானால் தூள் போதவில்லை, சிறிது கூட்டுக.

இரண்டாவது, சுண்ணாம்பை அகற்றுதல். மிக வன்மையான நீருள்ள வீட்டில் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இதனைச் செய்யலாம். கைந்நூல் தடுக்கவில்லையாயின், 100 கிராம் சித்திரிக் அமிலத்தைத் துணியில்லாத உருளையில் இட்டு, முன்வாய் இயந்திரத்தை 60 பாகையில் ஒருமுறை ஓடவிடுக. பின்னர் வெறும் நீரில் ஒருமுறை அலசுக. மேல்வாய் இயந்திரத்தில் மிகக் குறைந்த நீர்மட்டத்தை வைத்து, 200 கிராமைக் கரைத்து, சிறிது சுழலவிட்டு, ஒரு மணிநேரம் ஊறவைத்து இறக்குக. நீர்மட்டத்தைக் குறைப்பதன் காரணம், ஊற்றும் வன்னீரே அமிலத்தில் ஒரு பங்கை உண்டுவிடும் என்பதாகும். வினாகிரியை அடிக்கடி பயன்படுத்துதல் நன்றன்று; அது றப்பர் வளையத்தை நாளடைவில் தளர்த்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அமிலமும் வெளிற்றும் தூளும் ஒருபோதும் ஒன்றுசேரலாகாது. சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரீன் வாயு எழும். வெளிற்றும் தூள் இட்டுத் தோய்த்த நாளில் அமிலக் கழுவலைச் செய்யாதிருக்க. இடையில் வெறும் நீரால் இருமுறை அலசுக. சன்னல்களைத் திறந்து வைக்க.

முன்வாய் இயந்திரத்தின் கதவைச் சுற்றியுள்ள றப்பர் வளையத்தின் மடிப்பில் எப்போதும் சிறிது நீர் தங்கும். தோய்த்து முடிந்ததும் உலர்ந்த துணியால் அதைத் துடைத்து, கதவைச் சிறிது திறந்து விடுக. இவ்வளவையும் செய்யாது விட்டால் பூஞ்சணம் பிடித்து, தோய்த்த துணியே மணக்கத் தொடங்கும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முதல்நாள் மாலையில் செய்யவேண்டியவை மூன்று. போத்தலிற் சவர்க்காரத்தைக் குலுக்கி நீரை அறிக. 10 லீற்றர் வாளியைக் குழாயின்கீழ் வைத்து மணிக்கூட்டைப் பார்க்க. இயந்திரம் நிற்கும் இடத்தை, மூடியோ கதவோ திறந்த நிலையை மனத்திற்கொண்டு அளந்து கடதாசியிற் குறிக்க. அக்கடதாசியோடு கடைக்குச் செல்பவரிடம் கடைக்காரர் எந்த இயந்திரத்தைப் புகழ்ந்தாலும், அவர் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டே: நீர்வாயிலுக்குக் குறைந்தது எவ்வளவு அழுத்தம் வேண்டும்? திறந்த நிலையில் இதன் அளவு என்ன? இவ்விரண்டுக்கும் கைந்நூலைத் திறந்து விடை காட்டாத கடையில் இயந்திரம் வாங்கவேண்டியதில்லை.